டீத்ஸ், டூ ஃபுட்: பன்மைப் பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பற்களைக் காட்டி ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டால், பல தமிழ்க் குழந்தைகள் ‘டீத்ஸ்’ என்கின்றன. இதைக் கவனக்குறைவு என்று அதட்டுவதுதான் முதல் தவறு. தமிழில் பல் ‘பற்கள்’ ஆகும்போது உள்ளே ஓர் எழுத்து மாறுகிறது. ஆனாலும் கடைசியில் ‘கள்’ வந்தே தீர்கிறது. டூத் ‘டீத்’ ஆன பிறகும் அப்படி ஒரு விகுதியைக் குழந்தை தேடுகிறது, அவ்வளவுதான். ‘டூ ஃபுட்’ என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. எண் முன்னால் வந்துவிட்டால் ‘இரண்டு கால்’, ‘பத்து மரம்’ என்று ‘கள்’ இல்லாமலே நாம் பேசுகிறோம். ஆகவே இந்தப் பன்மைகளைக் கற்றுத்தரும் பாட்டு காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: மாற்றம் சொல்லுக்கு உள்ளே நடக்கிறது, கடைசியில் எதுவும் ஒட்டுவதில்லை.

என் அண்ணன் மகளுக்கு ஐந்து வயதில் நான் எழுதிக் கொடுத்த முதல் பாட்டில் மவுஸ், சைல்ட், ஷீப், மேன் என்று எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன். ‘மவுஸ்’ என்ற சொல்லுக்கு இயைபாக ‘ஹவுஸ்’ வேறு. இரண்டே நாளில் அவள் பொம்மை வீடுகளை ‘ஹைஸ்’ என்று அழைத்தாள். மவுஸ் ‘மைஸ்’ என்றால் ஹவுஸ் ‘ஹைஸ்’ ஆகத்தானே வேண்டும்? ஒன்றாக ஒலிக்கும் சொற்கள் ஒன்றாகவே மாறும் என்று சொல்லிக்கொடுத்தது என் பாட்டுதான்.

ஒரு பாட்டில் ஒரே குடும்பம் போதும். நான் தேர்ந்தெடுப்பது ஃபுட், டூத், கூஸ் ஆகிய மூன்றையும். மூன்றிலும் நடுவில் உள்ள உகர ஒலி நீண்ட ஈகாரமாகிறது. ஆங்கிலத்தின் மூத்த வடிவத்தில் இவற்றின் பன்மைக்கு இகர ஒலி கொண்ட ஒரு விகுதி இருந்தது. அது முன்னால் இருந்த உயிரொலியைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் தான் தேய்ந்து மறைந்தது. சைல்ட், ஷீப் இரண்டின் கதையும் வேறு. அவற்றுக்குத் தனிப் பாட்டு வேண்டும்.

ஒன் ஃபுட், டூ ஃபீட்,
டேப் டேப், கீப் த பீட்.
ஒன் டூத், டூ டீத்,
ஒன் ஆன் டாப், ஒன் பினீத்.
ஒன் கூஸ், டூ கீஸ்,
வாக்கிங் ஹோம் இன் பீஸ்.

காலால் தாளம் தட்டு. மேலே ஒரு பல், கீழே ஒரு பல். இரண்டு வாத்துகள் நிம்மதியாக வீடு திரும்புகின்றன. பொருள் இவ்வளவுதான். பன்மைச் சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடியின் கடைசியில் வரும் ஒலிதான் காதில் தங்கும். ‘டூ ஃபீட், ஒன் ஃபுட்’ என்று திருப்பிப் போட்டால் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருமையே தங்கிப்போகும். நாம் கற்பிக்க வந்த சொல் நடுவில் அமுங்கிவிடும்.

‘ஃபுட்ஸ் இல்லை, ஃபீட்’ என்று பாட்டுக்குள்ளேயே திருத்துவதைப் பலர் விரும்புகிறார்கள். வேண்டாம். தாளத்தோடு வந்த தவறான சொல்லும் சரியான சொல்லோடு சேர்ந்தே பதியும். ‘இல்லை’ மட்டும் காற்றில் போய்விடும். இன்னொன்று, தாளத்துக்காக ஃபுட் என்ற குறிலை ‘ஃபூட்’ என்று இழுத்தால் கால் சாப்பாடாகிவிடும். டூத், கூஸ் இரண்டும் நெடில்; ஃபுட் மட்டும் குறில். பாடிக் காட்டும்போது அந்த இடத்தில் வெடுக்கென்று நிறுத்துங்கள்.

முழுப் பாட்டையும் தடங்கலில்லாமல் பாடுவதால் சொற்கள் தெரிந்துவிட்டன என்று நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. சங்கிலியாக மனப்பாடம் செய்த குழந்தைக்கு நடுவிலிருந்து தொடங்க வராது. நான் இரண்டு வாத்துகள் உள்ள படத்தைக் காட்டி, பாட்டை நினைவூட்டாமல், ‘என்ன தெரிகிறது?’ என்று மட்டும் கேட்பேன். உடனே ‘கீஸ்’ வந்தால் சொல் பதிந்திருக்கிறது. குழந்தை ‘ஒன் ஃபுட்’ என்று முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால் பாட்டு மட்டுமே பதிந்திருக்கிறது; பாடுவதை நிறுத்தி, படங்களை வரிசை மாற்றிக் காட்டிப் பழக்க வேண்டும்.

இதற்குப் பிறகு ஒருநாள் குழந்தை காலணிகளைக் காட்டி, பூட் என்ற சொல்லைப் ‘பீட்’ ஆக்கலாம். 1958-இல் ஜீன் பெர்கோ வெளியிட்ட ஆய்வில், ‘வக்’ என்ற கற்பனைப் பிராணியின் பெயரைக் கேட்ட குழந்தைகள் யாரும் சொல்லித்தராமலே அதற்குப் பன்மை அமைத்தார்கள். கேட்டதிலிருந்து விதி எடுப்பது அந்த வயதின் இயல்பு. ‘ஆமாம், டூ பூட்ஸ்’ என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அதையும் பாட்டில் ஏற்றப் பார்க்காதீர்கள்.