வின்ஆம்ப் அலைக்கோடுகளுக்கு உங்கள் வால்பேப்பர் நிறம்

வின்ஆம்பின் கிளாசிக் ஸ்கின் (.wsz) வெறும் ஜிப் ஃபைல்தான். பெயரை .zip என மாற்றி, Skins ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டராகப் பிரித்தெடுங்கள். உள்ளே இருக்கும் `viscolor.txt`-இல் 24 வரிகள். வரிக்கு ஒரு நிறம்.

```
30,30,46, // 0
```

எண்ணிக்கை 0-வில் தொடங்கும். 0 பின்னணி, 1 அதிலுள்ள புள்ளிகள். 2 முதல் 17 வரை ஸ்பெக்ட்ரம் பட்டைகள். 2 உச்சி, 17 அடி. 18–22 அலைக்கோடு, 23 உச்சப் புள்ளி. நோட்பேட் 1-இலிருந்து எண்ணுவதால் பலருக்கு இங்கேதான் ஒரு வரி பிசகும். புள்ளிகளுக்குக் கொடுத்த நிறம் பின்னணியில் தெரிந்தால் அதுதான் காரணம். வால்பேப்பரின் அடர்ந்த நிறத்தை 17-க்கும் வெளிர் நிறத்தை 2-க்கும் கொடுத்து, இடையில் படிப்படியாக மாற்றுங்கள். சேமித்ததும் Alt+S அழுத்தி, வேறொரு ஸ்கினுக்குப் போய் மறுபடி இதையே தேர்ந்தெடுங்கள். பெரிய திரையில் பிளேயர் பொடியாகத் தெரிந்தால் Ctrl+D இருமடங்காக்கும்.