லொறி மேடையில் நிற்கும் நேரம்: காத்திருப்புக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோக அறுவடை முடிந்து, கிளிநொச்சிப் பக்கத்து நெற்களஞ்சியம் ஒன்றில் ஒரேயொரு ஏற்றுமேடை இயங்குவதாக வைத்துக்கொள்வோம். 10 மணிநேர வேலைநாளில் சராசரியாக 12 லொறிகள் முன்பின்னாக வருகின்றன. மாலையில் மிஞ்சியவை மறுநாள் வரிசையின் முன்னால் நிற்கின்றன. மணிக்கு 1.2 லொறி என்ற இந்த வருகை வீதத்தை λ என்றும், மேடை இடைவிடாது இயங்கினால் மணிக்கு அனுப்பக்கூடிய லொறிகளின் எண்ணிக்கையை μ என்றும் குறித்தால், ஒற்றைச் சேவையக மாதிரியில் வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் இதுவாகும்:

```
Wq = λ / (μ(μ − λ))
```

பெரும்பாலான தவறுகள் μ இல்தான் நிகழ்கின்றன. பதிவேட்டில் முதல் மூடை ஏறிய நேரமும் கடைசி மூடை ஏறிய நேரமும் மட்டும் இருப்பதால், இடைப்பட்ட 30 நிமிடத்தையே சேவை நேரமாக எடுத்து, μ = 2 என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது காத்திருப்பு 45 நிமிடம் என்று வரும். ஆனால் லொறி பின்னோக்கி வந்து மேடையோடு அணைய 3 நிமிடமும், மூடைகள் ஏறிய பின் அங்கேயே நின்று படங்கு போட்டுக் கயிறு இறுக்க 7 நிமிடமும் செல்கின்றன; அந்த நேரத்திலும் அடுத்த லொறி மேடைக்கு வர முடியாது. ஆகவே உண்மையான சேவை நேரம் 40 நிமிடம், μ = 1.5. காத்திருப்பு 2 மணி 40 நிமிடமாகிறது. 10 நிமிடம் விடுபட்டதால் விடை மூன்றரை மடங்குக்கு மேல் பிசகியது ஏனென்றால், μ − λ என்ற இடைவெளி 0.8 இலிருந்து 0.3 ஆகச் சுருங்கிவிட்டது. படங்கு கட்டும் வேலையை வாசலுக்கு அருகே ஒதுக்குப்புறமாக மாற்றினால் சேவை நேரம் 33 நிமிடமாகி, காத்திருப்பு குறைந்து, ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே இருக்கும். இரண்டாவது மேடை கட்டும் செலவைப் பற்றிப் பேசுமுன் இதைப் பார்ப்பதே முறை என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நாளில் 12 லொறி போனது, எனவே மேடையின் வேகம் மணிக்கு 1.2 என்று கொள்வது அது. போன லொறிகளின் எண்ணிக்கை வந்தவற்றைத்தான் காட்டும். மேடை வெறுமையாகக் கிடந்த நேரமும் அதில் கலந்திருக்கிறது. அப்படி எடுத்தால் μ − λ பூச்சியமாகி, வகுக்கவே முடியாமல் போகும்.

சாரதி கேட்பது பெரும்பாலும் களஞ்சியத்தை விட்டு எப்போது வெளியேறலாம் என்பதையே. அதற்கு விடை Wq அன்று. சேவை நேரத்தையும் கூட்டிய 3 மணி 20 நிமிடமாகும்.

இந்தச் சூத்திரம், லொறிகள் தற்செயலாக வருகின்றன, ஏற்றும் நேரமும் பெரிதும் ஏறி இறங்குகிறது என்று கொள்கிறது. ஒவ்வொரு லொறியும் சரியாக 40 நிமிடமே எடுத்தால் காத்திருப்பு 2 மணி 40 நிமிடத்தின் பாதியாக, 80 நிமிடமாக இருக்கும். எனவே அளந்த சேவை நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், 2 மணி 40 நிமிடத்தை மிகை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். மாலைதோறும் முற்றம் காலியாகிவிடும் களஞ்சியத்திலும் அப்படியே. 10 மணிநேரத்துக்குள் வரிசை தன் நிலையான சராசரியை எட்டாது.