கொண்டையை விரித்த கூந்தலாக்கும் வேலை: கழுத்திலும் தோளிலும் நேரும் தவறுகள்

கொண்டை போட்ட படத்தைக் கொடுத்து, “முடியை விரித்துப் போட்ட மாதிரி மாற்றித் தாருங்கள்” என்று கேட்டால், போட்டோஷாப் தெரிந்தவர்களில் பலர் முதலில் தேடுவது முடி வரையும் பிரஷ்களைத்தான். கொண்டையின் மேலேயே கருங்கற்றைகளை இழுத்துத் தோள்வரை கொண்டுவந்து முடித்துவிடுகிறார்கள். சிறிதாக்கிப் பார்த்தால் நன்றாக இருக்கும். அச்சுக்குப் போனதும் கழுத்தின் பக்கம் ஏதோ புடைத்திருப்பது தெரியும். கொண்டை இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கொண்டை பிடரியில் ஒரே இடத்தில் திரண்டு நிற்பது. விரித்த முடி மெல்லிய படலமாகப் பரவி, நடுநடுவே சந்து விடுவது. அந்தச் சந்துகளில் கழுத்தும் தோளும் ரவிக்கையும் பின்னணியும் தெரிந்தாக வேண்டும். அவற்றை மறைத்துக்கொண்டிருந்தது கொண்டை என்பதால் படத்தில் அவை பதிவாகவே இல்லை. ஆகவே வேலையின் முதல் பாதியில் முடிக்கு இடமே கிடையாது. முடி வெட்டிக்கொண்ட பெண்ணின் படம்போல, பிடரியும் தோளும் முழுதாகத் தெரியும் ஒரு படத்தை முதலில் உருவாக்க வேண்டும்.

அடிக்கடி வரும் ஒரு வகைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 4000 × 6000 பிக்சல் அளவுள்ள நெடுக்குப் படம். புடவை கட்டிய பெண், முகத்தையும் உடலையும் நமக்கு வலப்பக்கமாகச் சற்றுத் திருப்பியிருக்கிறார். கொண்டை படத்தின் இடப்பக்கம், பிடரியை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. கழுத்தின் பின்கோடு, அது தோளாகத் திரும்பும் வளைவு, ரவிக்கையின் தோள் விளிம்பு, கழுத்துச் சங்கிலியின் பின்பகுதி ஆகிய நான்கையும் கொண்டை மறைத்திருக்கிறது.

மறுபக்கத் தோளைத் திருப்பி ஒட்டுவது

குறுக்கு வழி என்று நினைத்துப் பலரும் செய்வது இது. வலப்பக்கத் தோளை வெட்டி, கிடைமட்டமாகத் திருப்பி, இடப்பக்கம் வைத்துவிடுவார்கள். மூன்று விதத்தில் இது காட்டிக்கொடுக்கும். உடல் திரும்பியிருப்பதால் தூரத்துத் தோள் குறுகித் தெரிகிறது. அதை அருகிலுள்ள தோளின் இடத்தில் வைத்தால் உடல் ஒடுங்கிப்போகும். வெளிச்சம் படாத பக்கத்து நிழல், வெளிச்சம் விழ வேண்டிய பக்கத்துக்கு வந்துவிடும். மூன்றாவதை நம்மூர்க் கண் உடனே பிடிக்கும்: முந்தானை இடது தோளில்தான் விழும். நமக்கு வலப்பக்கம் தெரிவது அவருடைய இடது தோள். திருப்பி ஒட்டினால் அந்த மடிப்பும் கூடவே வலது தோளுக்கு ஏறிவிடும்.

சரியான கோட்டைப் படமே சொல்லும். கொண்டைக்குக் கீழே தோளின் ஒரு துண்டு தெரிகிறதல்லவா, அதன் சாய்வு எந்தத் திசையில் மேலேறுகிறது என்று பாருங்கள். காதுக்குப் பின்னால் முடி முடியும் இடத்தில் பிடரிக் கோடு எந்தத் திசையில் இறங்கத் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். இரண்டையும் Pen Tool கொண்டு இணைக்க மூன்று புள்ளிகள் போதும்: முடி விளிம்பில் ஒன்று, கழுத்து தோளாகத் திரும்பும் இடத்தில் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் தோளில் ஒன்று. நடுப்புள்ளியில்தான் பெரும்பாலும் பிழை வருகிறது. கழுத்தையும் தோளையும் இணைக்கும் தசை மண்டையோட்டின் அடியிலிருந்து தோள் முனைவரை சரிந்து இறங்குவதால், அங்கே செங்கோணத் திருப்பமே கிடையாது. நடுப்புள்ளியைத் தாழ்த்தி வைத்தால் கழுத்து நீண்டுவிடும். உள்ளே தள்ளி வைத்தால் கழுத்து ஒல்லியாகித் தலை மட்டும் பெரிதாகத் தெரியும். கோடு போட்டதும் படத்தை Flip Canvas Horizontal மூலம் திருப்பிப் பாருங்கள். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல் அப்போது தெரியும்.

தோலை நிரப்பும்போது

முதலில் பின்னணி. Content-Aware Fill திறந்ததும், எங்கிருந்தெல்லாம் எடுத்து நிரப்பும் என்பதைப் பச்சை நிறத்தில் காட்டும். தோல், புடவை, முடி மூன்றிலிருந்தும் அந்தப் பச்சையை அழித்துவிட்டு, பின்னணியை மட்டும் விடுங்கள். அப்படியே விட்டால் சுவரின் நடுவே ரவிக்கைத் துண்டு முளைக்கும். முடிவைத் தனி லேயரில் வாங்கிக்கொள்ளுங்கள்; கழுத்தையும் தோளையும் அதற்கு மேல் இன்னொரு தனி லேயரில் கட்டுங்கள்.

கழுத்துத் தோலுக்கு Healing Brush எடுப்பது அடுத்த தவறு. அது தோலின் நுண்பதிவை எடுத்து, சுற்றியிருக்கும் நிறத்தோடு கலந்து வைக்கும் கருவி. கறுப்பு முடிக்குப் பக்கத்தில் அதைப் பயன்படுத்தினால் அந்தக் கறுப்பும் கலந்து, கழுத்தில் கரி பூசியது போன்ற அழுக்கு படரும். முடி விளிம்பை ஒட்டிய இடங்களில் Clone Stamp மட்டுமே. நடுத்தோலில் வேண்டுமானால் Healing Brush தடையில்லை. மாதிரியையும் கன்னத்திலிருந்து எடுக்காதீர்கள். கன்னத்தில் பெரும்பாலும் மேக்கப் இருக்கும், துளைகளும் வேறு. கழுத்தின் முன்பகுதி அல்லது மேல்கை பொருந்தும்.

புதிய தோள்கோட்டின் கூர்மையும் முக்கியம். கண்ணில் ஃபோகஸ் வைத்த படத்தில் பிடரி சற்று மங்கியிருக்கும். பாத் கொண்டு வெட்டிய விளிம்பை அப்படியே விட்டால், தோள் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் நிற்கும். நிஜமாகவே தெரியும் தோள் விளிம்பை 200 சதவீதத்தில் பார்த்து, எத்தனை பிக்சலில் தோல் பின்னணியாக மாறுகிறது என்று எண்ணி, புதிய விளிம்பையும் அதே அளவுக்கு மென்மையாக்குங்கள். பெரும்பாலும் 2 அல்லது 3 பிக்சல் வரும். பிரஷால் நிரப்பிய இடம் வழவழவென்றிருந்தால் சிறிதளவு Add Noise கொடுத்து, பக்கத்துத் தோலின் புள்ளிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கொண்டை போன பிறகும் அதன் நிழல்

வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருவதால், கொண்டையின் நிழல் காதுக்குக் கீழே கழுத்தின் மீதும் தோளின் மீதும் விழுந்திருக்கிறது. கொண்டையை நீக்கியவர்கள் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு நல்ல முடியை வைத்தாலும், காரணமில்லாத ஓர் உருண்டை நிழல் கழுத்தில் நிற்கும். ஒரு Curves லேயரின் கோட்டை மேலே தூக்கி, அதன் மாஸ்க்கில் நிழல் பகுதி மட்டும் வெளிச்சமாகும்படி செய்யுங்கள். நிழலில் இருந்த தோலை வெளிச்சமாக்கினால் நிறம் தூக்கலாகி ஆரஞ்சு அடிக்கும். நிறச்செறிவைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

சங்கிலி கொண்டைக்குள் நுழைவதுபோல் இருந்தது, இப்போது கழுத்தின் நடுவே அறுந்து நிற்கும். அதைப் பிடரிக் கோடுவரை கொண்டுபோய், விளிம்பில் வளைந்து மறைவதாக முடிக்க வேண்டும். வளைவை நெருங்கும்போது கண்ணிகள் நெருக்கமாகவும் குறுகியும் தெரியும் என்பதால், முன்கழுத்துக் கண்ணிகளை அதே அகலத்தில் நகலெடுத்து ஒட்டினால் பொருந்தாது.

இந்த நிலையில் கோப்பைத் தனியாகச் சேமித்து, நடந்தது தெரியாத ஒருவரிடம் காட்டலாம். குட்டை முடிப் பெண் என்று அவர் எண்ணினால் முடி வேலையைத் தொடங்கலாம்.

முடி எல்லாம் ஒரே லேயரில்

விரித்த முடிக்குக் குறைந்தது இரண்டு லேயர் வேண்டும். முதுகில் விழும் முடி கழுத்து, தோள் லேயருக்குக் கீழேயும், பின்னணிக்கு மேலேயும் இருக்க வேண்டும். தோளின் மேல் முன்னால் விழும் கற்றை எல்லாவற்றுக்கும் மேலே. தோளைத் தனி லேயரில் கட்டியதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது: பின்முடி தானாகவே தோளுக்குப் பின்னால் போய்விடும். எல்லாவற்றையும் மேலே வரைந்தால் கழுத்துக்கு முன்னால் திரை தொங்குவதுபோல் ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய பிழை தலையில் நடக்கிறது. கொண்டை போட்ட தலையில் வகிட்டிலிருந்து எல்லா முடியும் இறுக்கமாகப் பின்னோக்கி ஓடும். அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே மட்டும் கூந்தலைச் சேர்த்தால் சவுரி மாட்டியதுபோல் இருக்கும். வகிட்டின் பக்கத்திலேயே முடியின் திசை மாறி, நெற்றியோரமாக வந்து காதின் மேல்பாதியை மூடிக்கொண்டு இறங்க வேண்டும். இறுக்கம் போனதால் தலையின் வெளிக்கோடும் ஒரு விரல் தடிமனாவது உயரும். காதில் மாட்டல் இருந்தால் கவனம்: அதன் மறுமுனை இறுக்கிய முடியில் செருகியிருக்கும். புதிய முடி அந்த முனையை மூடட்டும்; முன்பகுதி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கொண்டையைச் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்தைக் காப்பாற்ற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வட்டமாக வளைந்த சரம் விரித்த முடியில் எங்கே வைத்தாலும் ஒட்டாது.

கொண்டையின் முடியையே வெட்டி நீட்டிக் கூந்தலாக்கவும் பார்ப்பார்கள். கொண்டையின் பளபளப்பு உருண்டை வடிவத்தைப் பின்பற்றி வில்போல் வளைந்திருக்கும். தொங்கும் முடியில் அது குறுக்குப் பட்டையாக விழ வேண்டும். அதே பெண்ணின் வேறு படத்தில் விரித்த முடி இருந்து, வெளிச்சமும் இதே பக்கமிருந்து வந்தால் அதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது.

வரையத்தான் வேண்டும் என்றால் இழையின் தடிமனைக் கணக்குப் பார்ப்பது நல்லது. இந்தப் படத்தில் நெற்றி முடியிலிருந்து தாடைவரை சுமார் 900 பிக்சல். நிஜத்தில் அது ஏறக்குறைய 18 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 5 பிக்சல். தலைமுடி ஒன்றின் தடிமன் 0.07 மி.மீ. அளவில் இருக்கும். அதாவது ஓர் இழை ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்குதான். 4 பிக்சல் அகலத்தில் அழுத்தமான கறுப்பில் இழுத்தால் அது முடியாகத் தெரியாது, நூலாகத்தான் தெரியும். முதலில் பெரிய பிரஷில் கூந்தலின் மொத்த வடிவம், பிறகு கற்றைகள், கடைசியில் 2 பிக்சல் பிரஷை 30 முதல் 50 சதவீத ஒபாசிட்டியில் வைத்துச் சிலும்பும் இழைகள். சுத்தக் கறுப்பை எடுக்காமல், தலையில் ஏற்கெனவே உள்ள முடியிலிருந்தே நிறத்தை எடுங்கள்.

கடைசியாக, புதிய முடிக்குப் புதிய நிழல். முன்கற்றை ரவிக்கையைத் தொடும் இடத்தில் நெருக்கமான, அடர்ந்த நிழல். கழுத்திலிருந்து விலகித் தொங்கும் இடத்தில் பரவிய, மெல்லிய நிழல். இரண்டும் கற்றையின் வலப்பக்கம் விழ வேண்டும். ஒரே அடர்த்தியில் Drop Shadow போட்டால் கற்றை முழுக்கக் காற்றில் மிதக்கும்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தில் இதைச் செய்ய ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. கோப்பை அழுத்திச் சிறிதாக்கும்போது முடி விளிம்பைச் சுற்றிப் படம் 8 × 8 பிக்சல் கட்டங்களாக உடைந்திருக்கும். அதன் மேல் வைக்கும் சுத்தமான தோள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.