எந்த டிக்கெட்டை முதலில் திறப்பது?

ஹெல்ப்டெஸ்க் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் கெடு தாண்டிச் சிவப்பாக இருக்கும் டிக்கெட்டைத்தான் முதலில் திறக்கிறார்கள். டிக்கெட்டுகளைக் கையாளும் சர்வீஸ்நவ் மென்பொருளின் திரையை வைத்து வேறு வழி ஒன்றைக் காட்டுகிறேன்.

முதலில் `Priority` பத்தியைப் பாருங்கள். எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு அவசரம் என்ற இரண்டையும் சேர்த்து அந்த எண் வருகிறது. இரண்டுமே மிக உயர்ந்த நிலையான 1-இல் இருந்தால் பி1. அது உங்கள் பெயரில் வந்தால் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே திறங்கள்.

பி1 இல்லாத நாளில்தான் கெடு நேரம் முக்கியமாகிறது. அதை வேலை நேரமாக மாற்றிப் படிக்க வேண்டும். இப்போது மாலை 4:00, கெடு நாளை காலை 10:00 என்றால் 18 மணி நேரம் இருப்பதுபோல் தெரியும். அலுவலகம் காலை 9 முதல் மாலை 6 வரை என்றால், உண்மையில் கையில் இருப்பது இன்று 2, நாளை 1, மொத்தம் 3 மணி நேரம்தான்.

அடுத்து, வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணித்து, மிச்சத்திலிருந்து கழியுங்கள். வருவதுதான் நீங்கள் தள்ளிப்போடக்கூடிய நேரம்.

மாலை 4:00 மணிக்கு உங்களிடம் மூன்று டிக்கெட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி2: பில்லிங் கவுண்டரில் பிரிண்டர் வேலை செய்யவில்லை, கெடு 5:30, வேலை 45 நிமிடம். தள்ளிப்போட 45 நிமிடம் உண்டு. பி3: புது லேப்டாப் தயார் செய்வது, கெடு நாளை 10:00, வேலை இரண்டரை மணி நேரம். இதற்கு 30 நிமிடம்தான்! பி4: ஷேர்டு ஃபோல்டர் அனுமதி, கெடு நேற்றே முடிந்து சிவப்பாக நிற்கிறது.

பிரிண்டரை முதலில் எடுத்தால் லேப்டாப் வேலை 15 நிமிடம் தவறும். ஆனால் அந்த இரண்டரை மணியில் ஒரு மணி நேரம் விண்டோஸ் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் பி3-ஐத் திறந்து, 10 நிமிடத்தில் இன்ஸ்டாலைத் தொடங்கிவிட்டு, 4:10-க்குப் பிரிண்டருக்குப் போங்கள். 4:55-க்கு அது முடியும். இன்ஸ்டால் முடிய இன்னும் 15 நிமிடம் இருக்கிறது. அந்த இடைவெளியில் பி4-ஐத் திறந்து, நேற்றிலிருந்து காத்திருப்பவருக்கு அனுமதியைக் கொடுங்கள். 5:10 முதல் 6:00 வரை லேப்டாப், நாளை 9:30-க்கு அதுவும் முடிந்துவிடும்.

எனக்கு இதில் பிடித்தது, சிவப்பு டிக்கெட்டுக்கும் இன்றே பதில் போய்விடுகிறது என்பதுதான். கெடு தாண்டியதை மாற்ற முடியாது. அதற்காக அதைக் கடைசியில் போட்டு மறந்துவிடக் கூடாது.

பயனரின் பதிலுக்காக `On Hold` நிலையில் உள்ள டிக்கெட்டுகளுக்குப் பல நிறுவனங்களில் கடிகாரம் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். பயனர் பதில் போட்டதும் அது மறுபடி ஓடத் தொடங்கும். மதியம் ஒருமுறை அந்தப் பட்டியலையும் பாருங்கள்.