சங்க மாநாட்டுக்கு வரவு செலவுத் திட்டம்: பதிவுக் கட்டணத்தை எப்படி முடிவு செய்வது?

ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒரு தொழில்முறைச் சங்கம் இரண்டு நாள் மாநாடு நடத்துவதாகக் கொள்வோம். இங்குள்ள தொகைகள் அனைத்தும் எடுத்துக்காட்டுக்காகக் கொடுக்கப்பட்டவை.

முதலில், எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவுகளைத் தனியே எழுதுங்கள். மண்டப வாடகை 1,20,000 ரூபாய் என்று விலைப்பட்டியலில் இருந்தால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,41,600 என்று எழுத வேண்டும், ஏனெனில் அந்த வரி சங்கத்துக்குத் திரும்பக் கிடைக்காது. ஒலி, ஒளி, மேடைக்கு 60,000, பேச்சாளர்களின் பயணத்துக்கும் தங்கலுக்கும் 80,000, அச்சு வேலைக்கு 18,400 என்றால் மொத்தம் 3,00,000 ஆகிறது.

அடுத்தது தலைக்கு ஆகும் செலவு. வரியுடன் இரண்டு நாள் சாப்பாடு 1,100, பை, குறிப்பேடு, சான்றிதழ் ஆகியவற்றுக்கு 300, ஆக 1,400. பேச்சாளர்கள், தொண்டர்கள், நன்கொடை நிறுவனங்களின் ஊழியர்கள் என 30 பேர் கட்டணமின்றிச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கான 33,000 ரூபாயை மாறாத செலவிலேயே சேர்த்துவிடுங்கள். அது இப்போது 3,33,000.

நன்கொடையில், கையொப்பமிட்ட கடிதம் வந்த தொகையை மட்டுமே வரவாகக் கொள்ளுங்கள். 1,00,000 உறுதி, கட்டணம் 2,500 என்றால் கணக்கு இப்படி அமையும்:

```
=ROUNDUP((333000-100000)/(2500-1400),0)
```

விடை 212. அத்தனை பேர் கட்டணம் செலுத்தினால்தான் கையைக் கடிக்காது. நன்கொடையே வராவிட்டால் 303 பேர் தேவைப்படுவார்கள். 180 பேர்தான் நிச்சயம் வருவார்கள் என்று தோன்றினால், 2,33,000-ஐ 180-ஆல் வகுத்து 1,400-ஐக் கூட்டுங்கள். ஏறக்குறைய 2,695 வரும், ஆகவே கட்டணத்தை 2,700 என்று வைக்கலாம். இதற்கென்று தனிச் செயலி எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. பொருளாளரும் செயலாளரும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்கக்கூடிய கூகுள் ஷீட்ஸ் போதும்.

பலரும் தடுக்கி விழும் இடம் சாப்பாட்டு ஒப்பந்தத்தில் உள்ள குறைந்தபட்ச இலை எண்ணிக்கை. 250 இலைக்கு உறுதி கொடுத்துவிட்டு 210 பேர் மட்டுமே சாப்பிட்டால், மீதி 40 இலைக்கான 44,000 ரூபாயையும் கொடுத்தே ஆக வேண்டும். உறுதி கொடுத்த எண்ணிக்கை வரைக்கும் சாப்பாடும் மாறாத செலவுதான். ஆகவே 210 பேரை எதிர்பார்த்தால் 180 இலைக்கு மட்டும் உறுதி கொடுத்து, மூன்று நாள் முன்புவரை எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பின்சேர்க்கை: உறுதியளித்த நன்கொடை ஏன் குறைவாக வந்தது என்று இருவர் கேட்டிருந்தார்கள். நிறுவனங்கள் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவதுண்டு. பிடித்த தொகை சங்கத்தின் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று படிவம் 26ஏஎஸ்-இல் பாருங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போதுதான் அதைக் கோர முடியும் என்பதால், மாநாட்டு நாளில் மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.