பத்து ரூபாய் காசு காட்டிக்கொடுத்த பேட்டரி

தேன்கனிக்கோட்டையிலிருந்து மாமா டார்ச் பேட்டரியின் படம் அனுப்பினார். ராகிக் காவலுக்கு அவசரமாம், யானை வருகிறது. மேலுறை கிழிந்து எழுத்தே இல்லை. உருளை வடிவம்தானே என்று கிருஷ்ணகிரியில் ஏஏ செல் வாங்கிப் போனேன். உள்ளே போட்டால் லொடலொடவென்று ஆடியது.

தவறு என்னுடையதுதான். ஏஏ 14.5 மி.மீ. தடிமன், சுமார் 50 மி.மீ. நீளம், 18650 லித்தியம் செல் 18-க்கு 65. விகிதம் ஏறக்குறைய ஒன்றே, தனியாகப் படம் எடுத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

சரி, மாமாவின் பழைய செல்லுக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் காசு வைத்து நேர்மேலிருந்து படமெடுத்தேன். சாய்த்து எடுத்தால் நீளம் குறுகிவிடும். காசு 27 மி.மீ. அகலம். செல் ஏறக்குறைய இரண்டரைக் காசு நீளம் வந்தது. ஏஏ என்றால் இரண்டைக்கூட எட்டாது. அப்புறம்தான் கவனித்தேன், பிளஸ் முனையும் குமிழில்லாமல் தட்டையாக இருந்தது. 18650 வாங்கிப் போட்டதும் டார்ச் எரிந்தது.