கிணற்று மோட்டாரின் இழப்புகளைப் பிரித்து அளக்கும் முறை

அம்பாசமுத்திரம் பக்கத்து வாழைத் தோட்டம் ஒன்றில், கப்ளிங் வழியாகப் பம்பைச் சுழற்றும் 7.5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட், 10.8 ஆம்பியர், 1450 சுற்று, 5.5 கிலோவாட் ஆகியவை அதன் பெயர்ப்பலகையில் உள்ள அளவுகள். கணக்கு எளிதாக இருப்பதற்காக மற்ற அளவீடுகளை நானே வைத்துள்ளேன்.

முதல் படியாகக் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரை வெறுமனே முழு மின்னழுத்தத்தில் ஓட்டி, பேரிங் சூடேறி வாட் மீட்டரின் முள் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். அது 302 வாட்டும், மின்னோட்டம் 4.5 ஆம்பியரும் காட்டுகிறது. பிறகு மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, வைண்டிங்கின் சூடு ஆறுவதற்குள் இரு முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்தால் 1.71 ஓம் கிடைக்கிறது.

இரண்டாவது படியில் ஸ்டேட்டரின் தாமிர இழப்பைக் கழிக்க வேண்டும். அது 1.5 × 4.5² × 1.71, அதாவது சுமார் 52 வாட். மீதமுள்ள 250 வாட்டில் இரும்பு இழப்பும் உராய்வு இழப்பும் கலந்திருக்கின்றன. மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, இந்த மீதியை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்து, கோட்டைச் சுழிய மின்னழுத்தம் வரை நீட்டினால், அது வெட்டும் இடமே உராய்வு இழப்பு. இங்கே அது 70 வாட் என்றால் இரும்பு இழப்பு 180 வாட். மின்னழுத்தமும் வேகமும் அதிகம் மாறாதவரை இவை இரண்டும் சுமையைப் பொருட்படுத்துவதில்லை.

முழுச் சுமையில் ஸ்டேட்டர் தாமிர இழப்பு 300 வாட்டாகிறது. ரோட்டரின் தாமிர இழப்பை வேகமே சொல்லிவிடும்: ஸ்டேட்டரின் காந்தப்புலம் சுழலும் 1500 சுற்றுக்கு 50 சுற்று குறைவு என்பதால் ஸ்லிப் 3.3 சதவீதம், உள்ளீட்டில் ஸ்டேட்டர் தாமிர இழப்பும் இரும்பு இழப்பும் போக ரோட்டருக்குச் செல்லும் 5870 வாட்டில் அந்தப் பங்கு ஏறத்தாழ 200 வாட். சிதறல் இழப்பை எளிதில் அளக்க முடியாது என்பதால், வெளியீட்டில் 1.8 சதவீதம், அதாவது 100 வாட் என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆக மொத்த இழப்பு 850 வாட், உள்ளீடு 6350 வாட், திறன் 86.6 சதவீதம்.

அரைச் சுமையில் தாமிர, சிதறல் இழப்புகள் 600 வாட்டிலிருந்து தோராயமாகக் கால் பங்காகி 150 வாட் ஆகின்றன. நிலையான 250 வாட் அப்படியே நிற்கிறது. 2750 வாட் வெளியீட்டுக்கு 3150 வாட் உள்ளீடு, திறன் 87.3 சதவீதம். கால் சுமையிலோ 1375 வாட்டுக்கு 288 வாட் இழப்பாகி, திறன் 82.7 சதவீதத்துக்கு இறங்குகிறது. நிலையான இழப்பும் மாறும் இழப்பும் சமமாகும் இடத்தில், இங்கே ஏறத்தாழ 65 சதவீதச் சுமையில், திறன் உச்சத்தைத் தொடுகிறது. காந்தமாக்கும் மின்னோட்டம் சுமையோடு குறையாததால் உண்மையில் அரைச் சுமையின் தாமிர இழப்பு இக்கணக்கைவிடச் சற்றுக் கூடும்.

கிளாம்ப் மீட்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்: அரைச் சுமையிலும் மீட்டர் 5.4 அல்ல, 6.7 ஆம்பியர் அளவில் காட்டும். அதைக் கண்டு மோட்டார் அறுபது சதவீதத்துக்கு மேல் உழைப்பதாக எண்ணிவிடுகிறார்கள். வாட்டைப் பார்க்காமல் சுமையைச் சொல்லக் கூடாது.

எரிந்த மோட்டாரை வைண்டிங் கட்டக் கொடுப்பவர்கள், பழைய வெறும் ஓட்ட வாட் அளவு கைவசம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய கம்பியை எடுக்க உடலை அதிகமாகச் சூடாக்கினால் தகடுகளுக்கு இடையிலான காப்புப் பூச்சு கெட்டு இரும்பு இழப்பு ஏறும். அதே வைண்டிங் விவரத்தில் கட்டி வந்த மோட்டார் 302 வாட்டுக்குப் பதில் 400 வாட் காட்டி, பேரிங்கும் சீராக இருந்தால், முதலில் தகடுகளைச் சந்தேகிக்க வேண்டும்.